குறைந்த விலை சொன்னவருக்கு வேலை கிடைக்கவில்லையே, ஏன்? முதல் டெண்டருக்குத் தயாராகும் சிறு நிறுவனங்களுக்கான மதிப்பெண் கணக்கு

அரசு வேலை என்றால் குறைந்த விலை சொல்பவருக்குத்தான் கிடைக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பொருள் வாங்குவதிலும் சாலை போடுவதிலும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் ஆய்வு, வரைபடம், திட்ட அறிக்கை, பயிற்சி போன்ற அறிவு சார்ந்த வேலைகளுக்கு அரசுத் துறைகள் 'ஆர்.எஃப்.பி.' எனப்படும் முன்மொழிவுக் கோரிக்கையை வெளியிடும்போது கணக்கு வேறு. அங்கே தரத்துக்கு ஒரு மதிப்பெண், விலைக்கு ஒரு மதிப்பெண். இரண்டையும் கூட்டி, யார் முதலிடமோ அவருக்கே வேலை.

இந்தக் கணக்கு ரகசியம் இல்லை. எந்தத் தகுதிக்கு எத்தனை மதிப்பெண் என்று அந்த ஆவணத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். முதன்முறை விண்ணப்பிக்கும் பல சிறு நிறுவனங்கள் தடுக்கி விழுவது அந்தப் பக்கத்தில்தான். அதைக் கடைசியில் படிக்கிறார்கள். முதலில் படிக்க வேண்டிய பக்கம் அது.

ஏற்காடு மலையில் ஒரு சிறு நிறுவனம்

ஒரு கற்பனை உதாரணத்தோடு பார்ப்போம். சேலம் மாவட்டம் ஏற்காட்டிலிருந்து குப்பனூர் வழியாகக் கீழே இறங்கும் மலைப்பாதையில் இருக்கிறது கொட்டச்சேடு. காபித் தோட்டங்களும், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடிகளுமாக இருக்கும் ஊர். அங்கே ஓர் அக்கா, அவருடைய தம்பி, தம்பியின் கல்லூரி நண்பர் என மூன்று பேர் சேர்ந்து நில அளவை, டிஜிட்டல் வரைபடம் தயாரிக்கும் நிறுவனம் நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

சேர்வராயன் மலையிலுள்ள நீரூற்றுகளையும் சிறு தோட்டங்களையும் கணக்கெடுத்து வரைபடமாக்க ஓர் அரசுத் துறை முன்மொழிவு கேட்கிறது. "நம்ம மலை, நமக்குத் தெரியாத ஊற்றா? விலையைக் கொஞ்சம் குறைச்சுப் போட்டா நமக்குத்தான்கா" என்கிறார் தம்பி. அக்காவோ மதிப்பெண் பக்கத்தைத் திறக்கிறார்.

நுழைவு வேறு, மதிப்பெண் வேறு

ஆவணத்தில் முதலில் வருவது தகுதி நிபந்தனைகள். நிறுவனம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், ஜி.எஸ்.டி. எண் வேண்டும், ஆண்டு வருமானம் இவ்வளவு இருக்க வேண்டும் என்பவை. இவற்றுக்கு மதிப்பெண் கிடையாது. 'ஆம்' அல்லது 'இல்லை' மட்டும்தான். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

குறு, சிறு நிறுவனங்களுக்கும் ஸ்டார்ட்-அப்களுக்கும் முன் அனுபவத்திலும் வருமானத்திலும் தளர்வு தரும் ஆவணங்கள் உண்டு. இங்கே ஒரு குழப்பம் வருகிறது. தளர்வு என்பது பெரும்பாலும் உள்ளே நுழைவதற்கான அனுமதி மட்டுமே. உள்ளே போனபின் அனுபவத்துக்கு 30 மதிப்பெண் என்று அட்டவணை சொன்னால், அனுபவம் இல்லாதவருக்கு அந்த 30-ல் ஒன்றும் தானாக வராது.

வாசலைத் தாண்டியவர்களின் தொழில்நுட்ப உறையை முதலில் பார்ப்பார்கள். அதில் குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தொட்டவர்களின் விலை உறையை மட்டுமே பிறகு திறப்பார்கள். தொடாதவர்களின் விலை உறை திறக்கப்படாமலே போகும். தொழில்நுட்ப உறையில் எங்காவது ஓரிடத்தில் விலையைக் குறிப்பிட்டாலே முன்மொழிவை நிராகரிக்கலாம் என்ற நிபந்தனை இத்தகைய ஆவணங்களில் வழக்கமானது.

மூன்றாவது வேலை எங்கே போனது?

நம் உதாரணத்தில் தொழில்நுட்ப அட்டவணை 100 மதிப்பெண்ணுக்கு. தேர்ச்சிக்கு 70 வேண்டும். பிரிவுகள் இவை:

- நிறுவனத்தின் ஒத்த அனுபவம்: 30 (முடித்த வேலை 1 அல்லது 2 என்றால் 10, 3 அல்லது 4 என்றால் 20, 5-ம் அதற்கு மேலும் என்றால் 30)
- அணுகுமுறையும் வேலைத் திட்டமும்: 30
- முக்கியப் பணியாளர்கள்: 40 (குழுத் தலைவர் 20, வரைபட நிபுணர் 12, களப் பொறுப்பாளர் 8)

தம்பி வேகமாகக் கூட்டுகிறார். மூன்று வேலை செய்திருக்கிறோம், அதற்கு 20. வேலைத் திட்டத்துக்கு 24 கிடைக்கும் என்று வைப்போம். பணியாளர்களுக்கு 33. மொத்தம் 77. "பாஸ் ஆயிட்டோம்கா!"

அக்கா அட்டவணையின் ஒரு சொல்லில் விரலை வைக்கிறார். 'முடித்த' வேலை. அவர்களுடைய மூன்று வேலைகளில் ஒன்று இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. முடித்தவை இரண்டுதான். அப்படியானால் அனுபவத்துக்கு 20 இல்லை, 10. மொத்தம் 67. தேர்ச்சிக்கு 3 குறைவு. அவர்கள் என்ன விலை எழுதியிருந்தாலும் அந்த உறையை யாரும் திறக்கப்போவதில்லை.

தன் முன்மொழிவுக்குத் தானே மதிப்பெண் போட்டுப் பார்ப்பதுதான் முதல் வேலை என்பது இதனால்தான். போடும்போது தாராளம் கூடாது. மதிப்பிடும் குழுவுக்கு உங்களைத் தெரியாது. இணைத்த தாளில் இருப்பது மட்டுமே தெரியும். பணி ஆணை மட்டும் இருந்து நிறைவுச் சான்று இல்லையென்றால், அந்த வேலை 'முடித்த' கணக்கில் வராமல் போகலாம். பயோடேட்டாவில் '7 ஆண்டு அனுபவம்' என்று எழுதி, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எங்கே என்று பிரித்துக் காட்டாவிட்டால் அதுவும் அப்படித்தான்.

67-ஐ 70 ஆக்கும் வழிகள்

நேர்மையான வழிகள் மூன்று இருக்கின்றன.

முதல் வழி, கேள்வி கேட்பது. முன்மொழிவு சமர்ப்பிக்கும் தேதிக்கு முன்பாக 'ப்ரீ-பிட்' கூட்டம் ஒன்று நடக்கும். எழுத்திலும் கேள்வி அனுப்பலாம். 'நடந்துகொண்டிருக்கும் வேலையில் 80 சதவீதத்துக்கு மேல் முடிந்து, அதற்கு வேலை கொடுத்தவரின் சான்று இருந்தால் ஏற்கப்படுமா?' என்று கேட்கலாம். துறை ஒப்புக்கொண்டால் அதை எல்லோருக்கும் பொதுவாகத் திருத்த அறிவிப்பாக வெளியிடும். தொலைபேசியில் யாரோ ஓர் அலுவலர் 'பரவாயில்லை, போடுங்க' என்று சொன்னதற்கு மதிப்பில்லை. திருத்த அறிவிப்பில் இருந்தால்தான் உண்டு.

இரண்டாவது வழி, கூட்டு. ஆவணம் அனுமதித்தால், அனுபவமுள்ள இன்னொரு நிறுவனத்தோடு சேர்ந்து விண்ணப்பிக்கலாம். கூட்டாளியின் அனுபவம் முழுதாகச் சேருமா, தலைமை நிறுவனத்தின் அனுபவம் மட்டும்தான் கணக்கா என்பதை அதே ஆவணத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழி, மதிப்பெண் அதிகமுள்ள வேறு பிரிவைப் பலப்படுத்துவது. நம் உதாரணத்தில் குழுத் தலைவரின் 20 இப்படிப் பிரிகிறது: முதுநிலைப் பட்டத்துக்கு 5, மலைப்பகுதி அனுபவத்துக்கு 5, பணி அனுபவத்துக்கு 10. 10 ஆண்டுக்கு மேல் இருந்தால் முழு 10. 5 முதல் 10 ஆண்டு என்றால் 6. அக்காவுக்கு 7 ஆண்டு என்பதால் 6. மொத்தம் 16. எல்லாம் நிறைந்த மூத்த நிபுணர் ஒருவர் தலைவரானால் 20. அதாவது 4 மதிப்பெண் கூடும்.

இந்த மூன்றாவது வழியைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். விலைக் கணக்கில் மறுபடி வரும்.

இவர்கள் முதலில் கேள்வி அனுப்புகிறார்கள். துறை ஏற்றுத் திருத்த அறிவிப்பு வெளியிடுகிறது என்று வைப்போம். மூன்றாவது வேலை கணக்கில் சேர, மொத்தம் 77.

தேர்ச்சிக் கோடு எவ்வளவு கறார்?

இந்தியாவில் இதற்கு மிகப் பெரிய உதாரணம் டெல்லி, மும்பை விமான நிலையங்கள். 2005-06-ல் இரண்டையும் தனியார் பங்களிப்போடு நவீனமாக்க முன்மொழிவு கேட்டபோது, தொழில்நுட்பத் தேர்ச்சிக் கோடு 80 சதவீதம். முதல் மதிப்பீட்டில் ரிலையன்ஸ், ஜி.எம்.ஆர். ஆகிய இரண்டின் தலைமையிலான குழுக்கள் மட்டுமே கோட்டைத் தாண்டின. மதிப்பெண் போட்ட விதம் பற்றிக் கேள்விகள் எழுந்தன. 'மெட்ரோ மேன்' இ.ஸ்ரீதரன் தலைமையில் வல்லுநர் குழு அமைத்து மறுபடி சரிபார்த்தார்கள். அந்தக் கணக்கில் ரிலையன்ஸ் குழு கோட்டுக்குக் கீழே இறங்கியது. டெல்லியை ஜி.எம்.ஆர். குழு பெற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2006 நவம்பரில் ரிலையன்ஸ் தரப்பின் மனு தள்ளுபடியானது.

பல ஆயிரம் கோடி ரூபாய்த் திட்டத்திலேயே கோட்டுக்கு மேலா கீழா என்பதுதான் முடிவைத் தீர்மானித்தது. கொட்டச்சேட்டு நிறுவனத்துக்கும் அதே விதிதான்.

'நம்ம மலை' என்பதை மதிப்பெண் ஆக்குவது

வேலைத் திட்டத்துக்கான 30 மதிப்பெண்ணில்தான் உள்ளூர்க்காரர்களுக்கு உண்மையான வாய்ப்பு. ஆனால் 'எங்களுக்கு இந்தப் பகுதி நன்கு தெரியும்' என்று எழுதினால் அதற்கு மதிப்பெண் போட இடமில்லை. தெரிந்ததைத் திட்டமாக்கிக் காட்ட வேண்டும்.

காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் தோட்டக்காரர்கள் பேச நேரம் தர மாட்டார்கள் என்பது இவர்களுக்குத் தெரியும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையில் களப்பணி நின்று நின்றுதான் நடக்கும். மழை முடிந்த கையோடு எல்லா ஊற்றிலும் தண்ணீர் இருக்கும்; ஆண்டு முழுக்க ஊறுவது எது என்று கோடையில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். அதனால் ஊற்றுகளை மழைக்குப் பின் ஒரு முறையும் கோடையில் ஒரு முறையும் அளப்பது, தோட்டக் கணக்கெடுப்பைப் பறிப்புக் காலத்துக்கு வெளியே வைப்பது, செல்போன் சிக்னல் இல்லாத இடங்களில் ஆஃப்லைனில் பதிவு செய்து மாலையில் ஏற்றுவது என்று மாதவாரி அட்டவணை போடலாம். வெளியூர் நிறுவனத்தால் எளிதில் எழுத முடியாத பக்கம் இது.

இன்னொரு சின்ன வேலை பெரிய பலன் தரும். அட்டவணையில் பிரிவுகள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அதே வரிசையில், அதே தலைப்புகளில் முன்மொழிவை எழுதுங்கள். மதிப்பிடுபவர் தேடாமல் கண்டுபிடித்தால்தான் மதிப்பெண் விழும்.

விலைக்கு மதிப்பெண் எப்படி வருகிறது?

இப்போது விலை உறை. நம் உதாரணத்தில் தரத்துக்கு 70 சதவீதம், விலைக்கு 30 சதவீதம் எடை. சூத்திரம் இதுதான்:

```
விலை மதிப்பெண் = 100 × (மிகக் குறைந்த விலை ÷ உங்கள் விலை)
மொத்தம் = 0.70 × தொழில்நுட்ப மதிப்பெண் + 0.30 × விலை மதிப்பெண்
```

குறைந்த விலை சொன்னவருக்கு 100. மற்றவர்களுக்கு அந்த விகிதத்தில் குறையும். கவனியுங்கள்: 'மிகக் குறைந்த விலை' என்பது தேர்ச்சி பெற்றவர்களுக்குள் மட்டும். விலையில் ஜி.எஸ்.டி. சேருமா சேராதா என்பதையும் ஆவணத்தில் பார்த்துவிடுங்கள்.

மூன்று பேர் தேர்ச்சி பெற்றதாக வைப்போம். சென்னையிலிருந்து ஒரு பெரிய நிறுவனம்: தொழில்நுட்பம் 90, விலை 24 லட்சம். கொட்டச்சேட்டு நிறுவனம்: 77, விலை 18 லட்சம். இன்னொரு சிறு நிறுவனம்: 72, விலை 16 லட்சம்.

விலை மதிப்பெண்கள் முறையே 66.67, 88.89, 100. எடை போட்டுக் கூட்டினால்:

- பெரிய நிறுவனம்: 63 + 20 = 83
- கொட்டச்சேடு: 53.9 + 26.67 = 80.57
- இன்னொரு சிறு நிறுவனம்: 50.4 + 30 = 80.4

மற்றவர்களைவிடப் பல லட்சம் அதிகம் கேட்ட பெரிய நிறுவனம் ஜெயிக்கிறது. குறைந்த விலை சொன்னவர் கடைசி.

ஒரு மதிப்பெண்ணின் விலை 46,000 ரூபாய்

கொட்டச்சேடு ஜெயிக்க 2.43-க்குச் சற்று மேல் வேண்டும். விலையைக் குறைத்து ஜெயிக்க வேண்டுமானால் 18 லட்சத்தை ஏறத்தாழ 16.40 லட்சமாக்க வேண்டும். அப்போது மொத்தம் 83.17 வரும். அதாவது 1.60 லட்சம் ரூபாயை விட்டுக்கொடுக்க வேண்டும்.

மறுபக்கம், முன்பு நினைவில் வைக்கச் சொன்ன அந்த 4 மதிப்பெண். அனுபவமுள்ள மூத்த நிபுணரைக் குழுத் தலைவராகச் சேர்த்தால் தொழில்நுட்பம் 81 ஆகும். விலை அதே 18 லட்சம். மொத்தம் 56.7 + 26.67 = 83.37. ஜெயித்துவிடுகிறார்கள். அந்த நிபுணருக்கு 80,000 ரூபாய் கொடுத்தாலும், விலையைக் குறைப்பதில் பாதிச் செலவுதான்.

இதையே வேறு மாதிரிச் சொல்லலாம். இந்த எடையில், இந்த விலைகளில், ஒரு தொழில்நுட்ப மதிப்பெண் தருகிற பலனை விலையில் பெற வேண்டுமானால் சுமார் 46,000 ரூபாய் குறைக்க வேண்டும். இந்த ஒரு எண் கையில் இருந்தால், எதற்குச் செலவு செய்வது என்ற விவாதம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

போட்டியாளர்களின் எண்கள் முன்கூட்டித் தெரியாதே என்று கேட்கலாம். சரிதான். அதனால் குறைந்த விலை 14 லட்சமாக இருந்தால், 17 லட்சமாக இருந்தால் என்று இரண்டு மூன்று விதமாகப் போட்டுப் பாருங்கள். ஒரு எக்ஸெல் தாள் போதும். நீங்களே குறைந்த விலைக்காரர் ஆகிவிட்டால் உங்கள் விலை மதிப்பெண் 100-க்கு மேல் ஏறாது என்பதும் அந்தத் தாளில் தெரியும். அதன்பின் குறைக்கும் ஒவ்வொரு ரூபாயும் மற்றவர்களின் மதிப்பெண்ணைக் கொஞ்சம் இறக்குமே தவிர, உங்களுடையதை உயர்த்தாது.

ஓர் எச்சரிக்கை. மதிப்பெண்ணுக்காகப் பெயர் மட்டும் கொடுத்துவிட்டு, வேலை கிடைத்தபின் ஆளை மாற்றலாம் என்று நினைக்காதீர்கள். பயோடேட்டாவில் அவர் கையெழுத்துக் கேட்பார்கள். மாற்றினால் அபராதம் என்றும், இணையான தகுதியுள்ளவரைத்தான் தர வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் இருக்கும்.

எடை மாறினால் எல்லாம் மாறும்

அதே மூன்று நிறுவனங்கள், அதே 90, 77, 72, அதே விலைகள். எடையை மட்டும் தரத்துக்கு 30, விலைக்கு 70 என்று திருப்பிப் பாருங்கள். பெரிய நிறுவனம் 73.67, கொட்டச்சேடு 85.32, குறைந்த விலைக்காரர் 91.6. வரிசை அப்படியே தலைகீழ்.

சில ஆவணங்களில் 'தேர்ச்சி பெற்றவர்களில் குறைந்த விலை' என்ற முறை இருக்கும். அங்கே 71-ம் 95-ம் ஒன்றுதான். கோட்டைத் தாண்டியபின் கூடுதல் மதிப்பெண்ணுக்குப் பயனில்லை. அத்தகைய டெண்டரில் மூத்த நிபுணருக்குக் கொடுக்கும் 80,000 ரூபாய் வீண். எனவே ஆவணத்தைக் கையில் எடுத்ததும் தேட வேண்டியது இரண்டே விஷயம்: தேர்வு முறை எது, எடை எவ்வளவு.

மத்திய அரசின் கொள்முதல் விதிகளில் ஆலோசனைப் பணிகளுக்குத் தரத்தின் எடை 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கட்டுமானத்துக்கும் ஆலோசனை அல்லாத சேவைகளுக்கும் இந்த முறையைப் பயன்படுத்த 2021 அக்டோபரில் வந்த வழிகாட்டுதல் வழிவிட்டது. ஆனால் அங்கே தரத்தின் எடை 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. தமிழக அரசின் டெண்டர்களுக்கு 1998-ம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம் உண்டு. டெண்டர் ஆவணத்தில் சொன்ன, அளந்து பார்க்கக்கூடிய அம்சங்களையும் அவற்றின் எடையையும் வைத்தே முடிவெடுக்க வேண்டும் என்கிறது அது. முடிவில் குறை இருந்தால், ஆணை கிடைத்த 10 நாட்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.

விண்ணப்பிக்காமல் விடுவதும் முடிவுதான்

ஒரு முன்மொழிவு தயாரிக்க மூன்று பேரின் இரண்டு வார உழைப்பு போகும். முன்வைப்புத் தொகை, சான்றிதழ், நோட்டரி, டிஜிட்டல் கையெழுத்து என்று செலவும் உண்டு. தானே போட்ட மதிப்பெண் கறாராகப் பார்த்தும் 60-ஐத் தாண்டவில்லை, கேள்வி கேட்டும் துறை தளர்த்தவில்லை என்றால், அதை விட்டுவிட்டு அடுத்ததைத் தேடலாம்.

தேடும்போதும் அட்டவணையே வழிகாட்டும். நிறுவனத்தின் அனுபவத்துக்கு 10 மதிப்பெண்ணும் பணியாளர்களுக்கு 50-ம் தருகிற ஆவணம், புது நிறுவனத்துக்குச் சாதகமானது. உலக வங்கியின் 2011-ம் ஆண்டு ஆலோசகர் தேர்வு வழிகாட்டுதலில் நிறுவன அனுபவத்துக்கு அதிகபட்சம் 10, முக்கியப் பணியாளர்களுக்கு 30 முதல் 60 வரை என்று இருந்தது. அனுபவத்துக்கு 40, ஆண்டு வருமானத்துக்கு 20 என்று இருந்தால், அது வளர்ந்த நிறுவனங்களுக்கான போட்டி.

விண்ணப்பித்துத் தோற்றால் ஒன்றை மட்டும் மறக்காமல் செய்யுங்கள். விலை உறை திறக்கும்போது பொதுவாக எல்லோருடைய தொழில்நுட்ப மதிப்பெண்ணும் அறிவிக்கப்படும். அதைக் குறித்துக்கொண்டு, நீங்களே போட்டுக்கொண்ட மதிப்பெண்ணோடு பிரிவு பிரிவாக ஒப்பிடுங்கள். பிரிவுவாரி விவரம் தரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 24 எதிர்பார்த்த இடத்தில் 15 விழுந்திருந்தால், அடுத்த முன்மொழிவில் முதலில் திருத்தி எழுத வேண்டிய பகுதி அதுதான்.